பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? மூன்று மாதப் பிள்ளையை யாரிடம் விடுவது?

பிறை_பொண்ணு · திங்கள், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் குழந்தைக்கு இன்றோடு ஒன்பது வாரம். 98 நாள் பிரசவ விடுப்பு இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறது. யாரிடம் விடுவது என்று வீட்டில் தினமும் பேச்சு, தினமும் முடிவெடுக்காமலே தூக்கம்.

எங்கள் நிலைமை இதுதான். வீடு செபராங் ஜெயா. எனக்கு வேலை பினாங்குப் பாலம் தாண்டி தீவில், பாயான் லெப்பாஸில், 8.30 முதல் 5.30 வரை. கணவருக்கு கூலிமில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஏழு முதல் ஏழு, இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அத்தை (மாமியார்) சுங்கைப்பட்டாணியில் தனியாக இருக்கிறார். 64 வயது, சர்க்கரை உண்டு, முட்டி வலி உண்டு. என் அம்மா ஈப்போவில் இன்னும் வேலைக்குப் போகிறார்.

கையில் இருக்கும் வழிகள்:
வீட்டுக்குப் பக்கத்து தாஸ்கா, மாதம் 750 வெள்ளி, மாலை 6.30க்கு மூடுவார்கள்.
பின்வரிசையில் ஓர் ஆன்டி, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிறார், 600 வெள்ளி.
அத்தை. பிள்ளையை சுங்கைப்பட்டாணியிலேயே விட்டுவிட்டு சனி, ஞாயிறு போய்ப் பாருங்கள் என்கிறார். அல்லது அவர் இங்கே வந்து தங்கலாம்.

தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். பணம் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்கார் · செவ்வாய், காலை 7.05

என் மகனை தாடிகாவில் போட்டோம், பாடம் எல்லாம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் தமிழ் சொல்லித் தரும் தாடிகாவாகப் பாருங்கள். பிறகு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும்போது சிரமம் இருக்காது. நாங்கள் மூன்று இடம் போய்ப் பார்த்தோம், ஒரு இடத்தில்...

பாலம்_தாண்டி · செவ்வாய், காலை 7.30

செந்தூல் அண்ணே, பிள்ளைக்கு ஒன்பது வாரம். முதலாம் ஆண்டுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

தங்கச்சி, நான் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் தீவுக்குப் போய் வருகிறவன். இரண்டு விஷயம். ஒன்று, அந்த ஆன்டியை மறந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பிள்ளை பார்ப்பது சட்டப்படி குற்றம். இரண்டு, பதிவு செய்த தாஸ்காவில் போட்டால் வருமான வரியில் வருடத்துக்கு 3,000 வெள்ளி திரும்பக் கிடைக்கும். 750 வெள்ளியில் மாதம் 250 அரசாங்கமே கொடுப்பது மாதிரி. கணக்கு தானாகவே முடிந்துவிட்டது.

தாஸ்கா_அக்கா · செவ்வாய், மதியம் 1.15

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், நடுவில் நின்றால் மன்னிக்கவும். புக்கிட் மெர்தாஜாமில் வீட்டிலேயே பதிவு செய்த தாஸ்கா நடத்துகிறேன், பதினான்கு வருடமாகிறது. அதற்கு முன் வேறொரு பெரிய தாஸ்காவில் குழந்தை அறையில் வேலை.

பாலம் தம்பி சொன்னது இரண்டுமே பாதி சரி. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள், நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்து காசு வாங்கினால்தான் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜேகேஎம்மில் பதிய வேண்டும். அந்த ஆன்டியிடம் இரண்டு பேர், உங்கள் பாப்பாவோடு மூன்று. அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனால் உங்களுக்குப் பிறகு ஒருவர் கெஞ்சிக் கேட்டு அவர் சரி என்றால் நான்கு. அதைத்தான் கேட்டு வைக்க வேண்டும்.

வரிக் கழிவும் அப்படித்தான். 3,000 வெள்ளி கையில் வராது. வரி போடும் வருமானத்திலிருந்து அந்தத் தொகை கழியும். நீங்கள் 11 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சம் 330 வெள்ளி, 19 விழுக்காட்டில் இருந்தால் 570. அதுவும் கணவன், மனைவி இருவரில் ஒருவர்தான் கேட்க முடியும், பதிவு செய்த இடத்தின் ரசீது வேண்டும். நல்லதுதான், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி பாப்பா விஷயம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா தாஸ்காவும் அதைத்தான் சொல்லும். காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கும். நீங்கள் மாலை 5.45க்குப் போங்கள். வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும் நேரம் அது. அப்போது குழந்தை அறையில் எத்தனை பேர், எத்தனை கைகள் என்று எண்ணுங்கள். "யார் திறப்பீர்கள், யார் மூடுவீர்கள்" என்று கேளுங்கள். காலை 7.30க்கும் இதே கேள்விதான்.

ஒரு அம்மா வந்துவிட்டார். மீதி இரவில்.

கெப்போங்_அப்பா · செவ்வாய், மாலை 6.20

நாங்கள் மெய்டு வைத்துக்கொண்டோம், அதனால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்த பிறகுதான் ஏஜென்ட்டைப் பார்த்தேன். அதுதான் முதல் தப்பு. ஆள் தேர்வு, அங்கே மருத்துவப் பரிசோதனை, பேப்பர், இங்கே வந்ததும் இன்னொரு பரிசோதனை, இப்படி அவர் வீட்டுக்குள் காலடி வைத்தபோது மகனுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. உங்களுக்கு இருப்பது ஐந்து வாரம், அதனால் இப்போதைக்கு இது வழியே இல்லை. இந்தோனேசியப் பெண் என்றால் 2022 ஒப்பந்தப்படி சம்பளம் 1,500 வெள்ளிக்குக் குறையக்கூடாது, அதற்கு மேல் ஏஜென்ட் செலவு, சாப்பாடு. அவருடைய பாஸ்போர்ட்டை நாம் எடுத்துப் பூட்டி வைக்கவும் கூடாது.

எங்களிடம் வந்தவர் தங்கமானவர். ஆனால் பகல் முழுக்க வீட்டில் வேறு பெரியவர் இல்லை. மகனுக்கு வாந்தி என்று ஒரு நாள் போன் வந்தபோது நான் பிரிக்ஃபீல்ட்ஸில், மனைவி ஷா ஆலமில். அவருக்கு கார் ஓட்டத் தெரியாது, எந்த கிளினிக் என்றும் தெரியாது. அன்று பக்கத்து வீட்டு சீனப் பாட்டிதான் தூக்கிக்கொண்டு போனார்.

மெய்டோ, தாஸ்காவோ, பாட்டியோ, நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். போன் வந்தால் அரை மணி நேரத்தில் யார் போய்ச் சேருவார்?

வேலை எச்ஆரில் என்பதால் இன்னொன்று. 2023 முதல் வேலைச் சட்டத்தில் 60P என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி நீங்கள் எழுத்தில் கேட்கலாம். 7.30 முதல் 4.30 என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. 60 நாள் என்றால் உங்கள் விடுப்பு முடிந்துவிடும், அதனால் நாளைக்கே அனுப்புங்கள்.

பிறை_பொண்ணு · செவ்வாய், இரவு 10.50

அந்த அரை மணி நேரக் கேள்வியை வைத்துப் பேப்பரில் எழுதிப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது.

5.30க்கு வேலை முடிந்து எழுந்தால் காருக்கு வரவே 5.40. பாலத்தில் நெரிசல் இல்லாத நாளே கிடையாது. செபராங் ஜெயா வந்து சேர 6.40, மழை என்றால் ஏழு தாண்டும். தாஸ்கா மூடுவது 6.30. கணவர் பகல் ஷிப்ட் இருக்கும் இரண்டு வாரமும் அவர் வீடு வர எட்டாகும். ஆக மாதத்தில் பாதி நாள் எங்கள் இருவரில் ஒருவரும் நேரத்துக்குப் போக முடியாது. இதை இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருக்கிறது, வசதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

தாஸ்கா_அக்கா · செவ்வாய், இரவு 11.30

கடைசி வரியை முதலில் பேசிவிடலாம். வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர் நல்ல அப்பாவாக இருந்தாலும் தூங்கிவிடுவார். சோபாவில் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்குவதைப்போல ஆபத்து வேறில்லை. எழுந்த பிறகு மாலை நான்கு மணிக்கு மேல் அவர் பார்க்கட்டும்.

உங்கள் கணக்கைப் பார்த்தால் தாஸ்காவை நீங்கள் தேட வேண்டிய பக்கம் தீவு. வீட்டுப் பக்கம் வேண்டாம், வேலைப் பக்கம். பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் பாருங்கள். கட்டணம் கூட இருக்கும். பாப்பா தினமும் இரண்டு தடவை காரில் ஒரு மணி நேரம் இருப்பாள், அது கஷ்டம்தான். ஆனால் மதியம் பத்து நிமிடத்தில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். காய்ச்சல் என்றால் நீங்களே போவீர்கள்.

அடுத்து, போய்ப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது. சுவரில் இருக்கும் படம், பொம்மை எதையும் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நின்று பாருங்கள். மடியில் வைத்துக் கொடுக்கிறார்களா, அல்லது பாட்டிலைத் தலையணையில் முட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்களா? இரண்டாவது என்றால் திரும்பி வந்துவிடுங்கள், மேலே ஒன்றும் கேட்க வேண்டாம். பால் புரை ஏறுவது அங்கேதான். ஏப்பம் விடாமல் படுக்கப்போடுவதும் அப்படித்தான். தூங்கும் பிள்ளைகள் மல்லாந்து படுத்திருக்கிறார்களா, கட்டிலில் தலையணை, பொம்மை எதுவும் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை நீண்ட நேரம் தூங்குகிறது என்று குப்புறப் போடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம் புவாய். உங்கள் பாப்பா ஸ்பிரிங் தொட்டிலில் தூங்குகிறாளா?

பிறை_பொண்ணு · புதன், காலை 6.10

ஆமாம் அக்கா. அது இல்லாமல் தூங்கவே மாட்டாள். அது தப்பா?

தாஸ்கா_அக்கா · புதன், மதியம் 1.20

நம் வீடுகளில் எல்லோரும் அதில்தான் வளர்ந்தோம், அதனால் திட்ட வரவில்லை. ஆனால் தொட்டில் துணிக்குள் சின்னப் பிள்ளை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். துணி முகத்தை மூடினாலும் வெளியே தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். மூன்று பேரை ஒருவர் பார்க்கும் இடத்தில் முடியாது. நான் வைப்பதில்லை.

அதனால் என்ன நடக்கும் தெரியுமா? வீட்டில் தொட்டில் பழகிய பிள்ளை இங்கே மெத்தையில் முதல் வாரம் பகல் முழுக்க அழும். அம்மா மாலையில் வந்து, கண் சிவந்திருக்கிறதே, இங்கே சரியாகப் பார்ப்பதில்லை என்று நினைப்பார். நீங்கள் இன்றைக்கே பகல் தூக்கம் ஒன்றை மட்டும் மெத்தைக்கு மாற்றுங்கள். அது பழகியதும் அடுத்தது. ஐந்து வாரம் போதும்.

பாட்டிலும் அப்படித்தான். இதுவரை பாட்டில் கொடுத்திருக்கிறீர்களா?

பிறை_பொண்ணு · புதன், மதியம் 2.00

இரண்டு தடவை முயற்சி செய்தேன். துப்பிவிட்டாள்.

தாஸ்கா_அக்கா · புதன், மதியம் 2.10

நீங்களே கொடுத்தால் துப்புவாள். உங்கள் வாசனை பக்கத்தில் இருக்கும்போது ரப்பரை ஏன் வாங்க வேண்டும்? வேறு ஆள் கொடுக்க வேண்டும், நீங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடாது, கடும் பசியில் கொடுக்கக்கூடாது. தினமும் ஒரு தடவை, 30 மில்லி போதும்.

அளவுக்கு என் கணக்கு, நீங்கள் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி. பத்து மணி நேரம் என்றால் 300. அதை 150, 150 என்று கொண்டு வராதீர்கள். வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, மிச்சத்தைக் கொட்டும்போது எனக்கே மனம் கேட்காது. 70, 80 என்று நான்கு பாட்டில், ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும். மதியம் நேரில் போய்க் கொடுத்தால் இதில் ஒன்று குறையும்.

பாலம்_தாண்டி · புதன், மாலை 6.55

பாலத்தின் நடுவில் நின்றுகொண்டே படித்தேன், வண்டி நகரவே இல்லை. (ஓட்டவில்லை, கம்பெனி வேன்.)

வரி விஷயம் அக்கா சொன்னதுதான் சரி, மனைவியிடம் திட்டும் வாங்கிவிட்டேன். ஆனால் தீவில் தாஸ்கா என்றால் டோல் வேறு ஏறுமே? போக 5.74, வர 5.74, மாதம் இருநூற்றைம்பது வெள்ளி கூட.

பிறை_பொண்ணு · புதன், இரவு 9.30

அண்ணே, டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தானே, வரும்போது கிடையாதே. அதுவும் நான் தனியாகப் போனாலும் கட்டுகிறேன். பாப்பாவுக்கு அரை டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

பாலம்_தாண்டி · புதன், இரவு 9.45

வேனில் போய்ப் போய் டோல் யார் கட்டுகிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

பாட்டி_எஸ்பி · வியாழன், காலை 5.50

இதை என் பேத்தி எனக்குப் போனில் காட்டினாள். நானும் சுங்கைப்பட்டாணிதான். இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தவள். அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் தாஸ்கா, பாட்டில், பாலம் என்று பேசுகிறீர்கள். அந்த அத்தையை யாராவது கேட்டீர்களா? என்னிடம் யாரும் கேட்கவில்லை. "அம்மா, இருபதாம் தேதி பிள்ளையைக் கொண்டு வருகிறோம்" என்றுதான் சொன்னார்கள். முதல் பேரனை வளர்க்கும்போது எனக்கு 58. தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது. இரண்டாவது வரும்போது முட்டி போய்விட்டது. பிள்ளை தவழ ஆரம்பித்ததும் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அது அடுப்படிக்குப் போய்விடும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இதைச் சொன்னால் மகன் பயந்துவிடுவான் என்று சொல்லவில்லை.

எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் கெசிஹாத்தானில் சர்க்கரைக்குத் தேதி. காலை ஏழுக்குப் போனால் ரத்தம் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வரப் பன்னிரண்டாகும். அன்றைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது? நான் இரண்டு தடவை தேதியைத் தள்ளினேன். மூன்றாவது தடவை சர்க்கரை ஏறி டாக்டர் சத்தம் போட்டார்.

பணமும் சொல்ல வேண்டும். முதல் பேரனுக்கு ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பால்மாவு, பெம்பர்ஸ் என் காசில் போன மாதங்களும் உண்டு. இரண்டாவதுக்கு மருமகள் மாதம் 500 வெள்ளி வங்கியில் போட்டாள். கூலி மாதிரி இருக்கிறதே என்று முதலில் வருத்தம். பிறகு நல்லது என்று தோன்றியது.

பிறை_பொண்ணு · வியாழன், காலை 6.30

அம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நாங்கள் அத்தையைக் கேட்கவில்லை. கணவர்தான் போனில் பேசினார். "அம்மா பார்த்துக்கொள்வார்" என்றார், அவ்வளவுதான்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் மருமகளோடு சண்டை வந்ததா? எனக்கு அத்தையோடு அதுதான் பயம். இப்போதே பாப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்.

பாட்டி_எஸ்பி · வியாழன், மாலை 4.15

வராமல் இருக்குமா? நாங்கள் மூன்று மாதத்தில் தண்ணீர் கொடுத்தோம், உரை மருந்து கொடுத்தோம், தேன் நக்கக் கொடுத்தோம். மருமகள் இணையத்தில் படித்துவிட்டு வந்து கூடாது என்றாள். நான் பெற்று வளர்த்த நான்கு பேரும் உயிரோடுதானே இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு மூன்றாம் மாத ஊசிக்கு என்னையும் கிளினிக்குக் கூட்டிப் போனாள். மிஸ்ஸி என்னைப் பார்த்தே சொன்னார், ஆறு மாதம் வரை பால் தவிர ஒன்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்று. சரி என்று வந்துவிட்டேன். மருமகள் சொன்னதும் அதையேதான், ஆனால் மிஸ்ஸி சொன்னால் வேறு. உங்கள் அத்தையையும் கூட்டிப் போங்கள். சண்டை போடுவதை மிஸ்ஸியிடம் விட்டுவிடலாம்.

பிள்ளையை எஸ்பியில் விட்டு வாரம் ஒருமுறை வருவதைப் பற்றி: என் முதல் பேரன் அப்படித்தான் வளர்ந்தான். எனக்குச் சந்தோஷம். ஆனால் ஞாயிறு மாலை மகள் கிளம்பும்போது அவன் அழவில்லை, அவள்தான் வாசலில் நின்று அழுவாள். இரண்டு வயதில் திரும்பக் கூட்டிப் போனபோது அவன் என்னைக் கேட்டு ஒரு மாதம் அழுதான். சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தாஸ்கா_அக்கா · வியாழன், இரவு 10.00

அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பால் கணக்கு மட்டும் சேர்க்கிறேன். எஸ்பியில் விட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை முழு நாளும் பாட்டில்தான். ஒரு நாளைக்கு 700 மில்லி என்று வைத்தாலும் ஐந்து நாளுக்கு மூன்றரை லிட்டர் உறைய வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். வேலையிடத்தில் இரண்டு, மூன்று தடவை பம்ப் பண்ணி அதைச் சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் இரவில் பிள்ளை வாய் வைக்காவிட்டால் பால் குறைந்துகொண்டே வரும். தாய்ப்பால் தொடர வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியமானால் இரவு பாப்பா உங்களோடு இருக்க வேண்டும்.

கெப்போங்_அப்பா · வெள்ளி, காலை 8.40

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் தம்பி மகள் தைப்பிங்கில் பாட்டியிடம் பால்மாவில் வளர்ந்தாள், கொழுகொழு என்று இருக்கிறாள். எல்லோருக்கும் தாய்ப்பாலைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் அக்கா.

தாஸ்கா_அக்கா · வெள்ளி, மதியம் 1.30

பயமுறுத்தவில்லை தம்பி. தங்கச்சி தாய்ப்பால் கொடுக்கிறேன் என்று எழுதியதால் சொன்னேன். பால்மாவு கொடுக்கும் வீடென்றால் அந்த ஒரு கணக்கு மாறும். மற்றதெல்லாம் அப்படியேதான்.

பிறை_பொண்ணு · ஞாயிறு, இரவு 9.00

இரண்டு நாள் அலைந்துவிட்டு வந்தேன்.

வெள்ளி மாலை 5.45க்கு வீட்டுப் பக்கத்து தாஸ்காவுக்குச் சொல்லாமல் போனேன். குழந்தை அறையில் ஒரே ஒரு பராமரிப்பாளர். கைக்குழந்தை ஐந்து, கூடவே நடக்கும் பிள்ளைகள் இரண்டு. அந்தப் பெண்ணுக்கு இருபது வயது கூட இருக்காது. ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் காலால் பவுன்சரில் ஆட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவர் மேல் கோபம் வரவில்லை. முன்பு காலை பத்து மணிக்குப் போனபோது அதே அறையில் மூன்று பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை பாயான் பாருவில் இரண்டு இடம். ஒன்றில் இடமில்லை, காத்திருப்போர் பட்டியல். இன்னொன்று வீட்டு தாஸ்கா, மொத்தம் எட்டுப் பிள்ளைகள், கைக்குழந்தை இரண்டு. 950 வெள்ளி, தாமதமானால் கால் மணிக்குப் பத்து வெள்ளி. சான்றிதழ் சுவரில் இருந்தது, தேதி இன்னும் ஓடுகிறது. பால் கொடுப்பதைப் பார்த்தேன், மடியில்தான். என்னை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கச் சொன்னார் அந்த அக்கா. ஒரு கேள்வி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: காலை 9 மணிக்குள் பிள்ளை வராவிட்டால், தகவலும் இல்லாவிட்டால், எனக்குப் போன் செய்வார், நான் எடுக்காவிட்டால் கணவருக்கு.

தாஸ்கா_அக்கா · ஞாயிறு, இரவு 9.20

அந்த ஒரு விஷயத்துக்கே நான் மதிப்பெண் போடுவேன். காரில் பின்னால் தூங்கும் பிள்ளையை மறந்துவிட்டு நேராக வேலைக்குப் போய்விட்ட பெற்றோரை நம் நாட்டில் எத்தனை செய்தியில் பார்த்துவிட்டோம். அன்பு இல்லாமல் இல்லை, தூக்கம் இல்லாமல். உங்கள் வேலைப் பையைப் பின் இருக்கையில் பாப்பா காலடியில் வையுங்கள். அதை எடுக்காமல் அலுவலகம் போக முடியாது. நான் எட்டு மணிக்கு எதிர்பார்த்தால் எட்டரைக்கே கூப்பிடுவேன்.

அவர் உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வார் என்று கேட்டீர்களா? வீட்டு தாஸ்காவின் பலவீனம் அதுதான், என்னுடையதும்.

பிறை_பொண்ணு · ஞாயிறு, இரவு 9.40

கேட்டேன். அவர் தங்கச்சி வருவாராம், பயிற்சி முடித்தவராம். அவருக்கும் முடியாவிட்டால் மூடிவிடுவாராம். வருடத்தில் மூன்று, நான்கு நாள் அப்படி ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

பாப்பாவுக்கே உடம்பு சரியில்லாவிட்டால் என்பதுதான் இன்னும் பாக்கி. எனக்கு வருட விடுப்பு 12 நாள்.

தாஸ்கா_அக்கா · ஞாயிறு, இரவு 9.55

பன்னிரண்டு போதாது, முன்பே சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒரு சளியாவது வரும், எந்த நல்ல தாஸ்காவானாலும். கை கால் வாய் நோய் வந்தால் ஒரு வாரம், பத்து நாள் உள்ளே விட மாட்டோம். பாட்டியோடு மட்டும் வளரும் பிள்ளைக்கு முதல் வருடம் இது குறைவு. பாட்டி இருக்கும் வீட்டுக்கு அது பெரிய லாபம், பொய் சொல்ல மாட்டேன். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிவதற்குள் 38க்கு மேல் காய்ச்சல் வந்தால் எங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

கெப்போங்_அப்பா · ஞாயிறு, இரவு 10.10

காய்ச்சல் நாளுக்குத்தான் பாட்டி. தினமும் இல்லை, கூப்பிட்டால் வரும் ஆள். எஸ்பியிலிருந்து செபராங் ஜெயா காலையில் முக்கால் மணி நேரம்தானே?

பாட்டி_எஸ்பி · திங்கள், காலை 6.00

கூப்பிட்டால் பஸ் ஏறி வருவதற்கு அவருக்கும் முட்டி வலிதான் தம்பி. மகன் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். பிறை பொண்ணு, கேட்டாயா?

பிறை_பொண்ணு · வியாழன், இரவு 10.30

கேட்டேன் அம்மா. நேற்று நானே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எஸ்பி போனேன். கணவர் வரவில்லை, நான் வர வேண்டாம் என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் கிளினிக் கார்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அடுத்த தேதி சரியாக நான் வேலைக்குத் திரும்பும் வாரத்தில். "அன்றைக்கு எப்படி என்று உன் புருஷனிடம் எத்தனை தடவை கேட்பது" என்றார். அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறார். இவர் எனக்குச் சொல்லவில்லை.

இப்போதைக்குப் பேசி வைத்திருப்பது இது. அடுத்த வாரம் அத்தை இங்கே வருகிறார், நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் வரை இருப்பார். பாட்டில் பழக்குவது அவர் பொறுப்பு. கிளினிக் தேதி அன்று நான் விடுப்பு. அந்த மாதத்திலேயே பாப்பா பாயான் பாருவில் முதலில் அரை நாள், பிறகு முழு நாள். அதற்குப் பிறகு காய்ச்சல் நாட்களுக்கு அத்தை, கணவர் போய் ஏற்றி வருவார். மாதம் 400 வெள்ளி அத்தை கணக்கில், பாப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும். நேர மாற்றத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. பாப்பாவின் இரண்டு பகல் தூக்கம் மெத்தைக்கு வந்துவிட்டது. பாப்பா ஒரு மணி நேரம் காரில் அழுதால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

தாஸ்கா_அக்கா · வியாழன், இரவு 10.45

விடுப்பு முடிவதற்குள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே பாப்பாவோடு பாலம் ஏறிப் பாருங்கள், கணவரைப் பின்னால் உட்கார வைத்து. கார் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும்.

அத்தை வரும்போது தொட்டில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பகல் தூக்கம் மெத்தைக்கு வந்துவிட்டது என்றீர்களே, எல்லாம் வீணாகிவிடும்.

பிறை_பொண்ணு · வியாழன், இரவு 10.50

அக்கா, அவர் புது ஸ்பிரிங் வாங்கி வைத்துவிட்டார். எனக்குக் காட்டினார், ரசீதோடு.

பாட்டி_எஸ்பி · வெள்ளி, காலை 5.45

மிஸ்ஸியிடம் கூட்டிப் போ.